கலந்து கதைத்த கூட்டத்துக்கு இரண்டு மொழியில் அறிக்கை எழுதுவது

கேள்வி: எங்கட பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில எல்லாரும் தமிழையும் இங்கிலீசையும் கலந்துதான் கதைக்கினம். லண்டன் கிளை சூமில வரும். அறிக்கை இங்க சபைக்குத் தமிழிலும் லண்டன் ஆக்களுக்கு இங்கிலீசிலும் வேணும். போனமுறை ரெண்டும் ரெண்டு கதை சொல்லுது எண்டு பெரிய பிரச்சினை. எப்பிடி எழுதினால் ஒத்துவரும்?

பதில்:

மொழிபெயர்த்தவரைக் குறை சொல்லமுன், பிரச்சினைப்பட்ட தீர்மானம் கூட்டத்திலேயே எடுத்து முடிந்ததா என்று பாருங்கள். கலந்து கதைக்கும்போது வசனத்தின் பாதி தமிழிலும் பாதி இங்கிலீசிலும் தொங்கி நிற்கும். எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தாங்கள் விளங்கிக்கொண்ட விசயத்துக்குத்தான் தலையாட்டியிருப்பார்கள். பிறகு தமிழ் எழுதுபவர் ஒரு பொருளை எடுப்பார், இங்கிலீஸ் எழுதுபவர் மற்றதை எடுப்பார். இரண்டு பேரும் கேட்டதைத்தான் எழுதியிருப்பார்கள்.

இதைத் தவிர்க்க வேலையின் ஒழுங்கை மாற்ற வேண்டும். வழமையாக முதலில் தமிழ் அறிக்கையை எழுதி முடித்து, அதைப் பார்த்து இங்கிலீஸ் செய்வார்கள். அப்படிச் செய்தால் தமிழில் விட்ட மயக்கம் இங்கிலீசில் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து உறைந்துவிடும். அதற்குப் பதிலாக, கூட்டத்தில் காதில் விழுந்தபடி, கலந்த மொழியிலேயே குறிப்பெடுங்கள். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒரு எலும்புக்கூடு எழுதுங்கள்: யார், என்ன, எவ்வளவு, எப்போது, எந்த நிபந்தனையில். தமிழையும் இங்கிலீசையும் அந்த எலும்புக்கூட்டிலிருந்து தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றைப் பார்த்து மற்றதை எழுத வேண்டாம்.

குறிப்பெடுக்கும்போது மொழிபெயர்க்க முனைந்தால் இரண்டு கேடு. ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடும் நேரத்தில் அடுத்த இரண்டு வசனம் தவறிப்போகும். அதைவிட மோசம், ஆள் உண்மையில் சொன்ன சொல் அழிந்துபோகும். "அப்ரூவ்" என்றாரா "ஓகே" என்றாரா என்று பிறகு வாக்குவாதம் வந்தால் காட்ட எதுவும் இராது. "அப்ரூவ்" என்றால் "அப்ரூவ்" என்றே குறியுங்கள். ஓரத்தில் மூன்று அடையாளம் போதும்: தீர்மானத்துக்கு "தீ", யாராவது செய்யப் பொறுப்பெடுத்த வேலைக்கு "செ", பொருள் தெளிவில்லாத இடத்துக்குக் கேள்விக்குறி. கேள்விக்குறி போட்ட இடங்களை அந்த விடயம் முடியமுன் கேட்டுத் தீர்க்க வேண்டும். ஒலிப்பதிவு இருக்கிறதுதானே என்று விட்டுவிடாதீர்கள். தெளிவில்லாமல் சொன்னதைப் பத்துமுறை திருப்பிக் கேட்டாலும் அது தெளிவில்லாமல்தான் கேட்கும்.

ஒரு கற்பனைக் கூட்டத்தை எடுத்துப் பார்ப்போம். பாடசாலையில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று பூட்டுவது பற்றிய பேச்சு.

தலைவர்: "அப்ப ஆர்ஓ பிளான்ற் விசயத்தை இண்டைக்குப் பைனலைஸ் பண்ணுவம். ஆர் லோவெஸ்ற்?"

பொருளாளர்: "பெஸ்ற் கொம்பனி பதினொண்டரை. செகண்ட் ஆள் பதின்மூண்டு நாப்பது."

உறுப்பினர்: "பெஸ்ற் ஆள் வற் சேர்க்கேல்லை. மற்றவர் இன்க்ளூட் பண்ணித்தான் குடுத்தவர்."

தலைவர்: "அப்ப செகண்ட் ஆளைப் பாப்பம். அட்வான்ஸ் முப்பது வீதம் குடுக்கலாம், மிச்சம் கொமிஷன் பண்ணினாப் பிறகு."

லண்டன் உறுப்பினர்: "நாங்கள் ஐயாயிரம் பவுண்ஸ் மட்டும் தருவம். பட் வோட்டர் ரெஸ்ற் றிப்போட் வந்தாப் பிறகுதான்."

தலைவர்: "ஓகே, றிப்போட் வந்தா அப்ரூவ். ரெண்டு கிழமைக்குள்ள முடிப்பம்."

எல்லோரும் ஓம் என்கிறார்கள். தேநீர் வருகிறது. இந்த ஆறு பேச்சுக்குள் எத்தனை பொறி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

"பதினொண்டரை" என்பது பதினொன்றரை இலட்சம், அதாவது ரூபா 1,150,000. பெறுமதி சேர் வரி 18 வீதம் என்று வைத்தால் 207,000 கூடி 1,357,000 ஆகிறது. இரண்டாமவர் வரி உட்பட 1,340,000 கேட்டிருக்கிறார். ஆகவே உண்மையில் குறைந்த விலை இரண்டாமவருடையதுதான், 17,000 ரூபா வித்தியாசம். வரி பற்றிய குறிப்பை விட்டுவிட்டு "11.5 இலட்சம், 13.4 இலட்சம், இரண்டாவது தெரிவுசெய்யப்பட்டது" என்று எழுதினால், கணக்காய்வின்போது சங்கம் காரணமில்லாமல் கூடிய விலைக்குக் கொடுத்ததாகத்தான் தோன்றும். பேச்சில் இலட்சம் விழுங்கப்படும், வரி பாதியில் வரும். அறிக்கையில் இரண்டு மொழியிலும் முழு இலக்கமும், "வரி உட்பட" அல்லது "வரி நீங்கலாக" என்ற சொல்லும் இருக்க வேண்டும்.

"செகண்ட் ஆள்" என்பது பொருளாளர் வாசித்த ஒழுங்கில் இரண்டாமவரா, விலையில் இரண்டாவது குறைந்தவரா? அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆறு மாதத்தின் பின் வாசிப்பவருக்குத் தெரியாது. நிறுவனத்தின் பெயரையும் விலைமனுத் திகதியையும் எழுதினால் பிரச்சினை இல்லை.

"மட்டும்" யாழ்ப்பாணத்துச் சொற்களில் மிகவும் ஆபத்தானது. "அஞ்சு மணி மட்டும் இருந்தன்" என்றால் அஞ்சு மணி வரைக்கும். "அவர் மட்டும் இருந்தவர்" என்றால் தனியே அவர். அப்படியென்றால் "ஐயாயிரம் பவுண்ஸ் மட்டும் தருவம்" என்பது ஐயாயிரம் வரைக்கும் தருவோம் என்ற உச்ச எல்லையா, அல்லது ஐயாயிரம்தான், அதற்கு மேல் கேட்கவேண்டாம் என்ற உறுதியான தொகையா? முதலாவது பொருளில் அவர்கள் மூவாயிரம் அனுப்பினாலும் சொன்ன சொல் தப்பாது. இங்கிலீஸ் எழுதுபவர் "அப் டு" என்று போட்டால் ஒரு பொருள், "ஒன்லி" என்று போட்டால் மற்றது. அந்த ஒரு சொல்லில் இரண்டாயிரம் பவுண்ஸ் தொங்குகிறது.

"கொமிஷன் பண்ணினாப் பிறகு" என்பது இயந்திரத்தைப் பூட்டி, இயக்கிக் காட்டி, ஒப்படைப்பதைச் சொல்கிறது. தமிழில் கொமிஷன் என்றால் தரகு. "தரகுக்குப் பின் மிகுதி வழங்கப்படும்" என்று தமிழ் அறிக்கையில் வந்தால் அதைத் திருத்துவதற்குள் ஊர் முழுக்கக் கதை போய்விடும். "இயக்கி ஒப்படைத்த பின்" என்று எழுதுங்கள்.

"ரெண்டு கிழமை" நமக்குப் பதினான்கு நாள். அறிக்கையைத் தமிழகத்தவர் ஒருவரிடமோ, கிழமை என்றால் வாரநாள் என்றே படித்த ஒருவரிடமோ மொழிபெயர்க்கக் கொடுத்தால் தடுமாறுவார். எப்படியும் "இரண்டு கிழமைக்குள்" என்று எழுதுவதே கூடாது, திகதியைத்தான் எழுத வேண்டும். கூட்டத் திகதியிலிருந்து எண்ணுவதா, பரிசோதனை அறிக்கை வந்த திகதியிலிருந்து எண்ணுவதா என்ற கேள்வியும் அப்போதுதான் வெளியே வரும்.

கடைசியாக "றிப்போட் வந்தா அப்ரூவ்". அறிக்கை கையில் கிடைத்தாலே போதுமா, அறிக்கையில் நீர் அந்த இயந்திரத்தால் சுத்திகரிக்கக்கூடியது என்று இருக்க வேண்டுமா? நைத்திரேற்று அதிகம், இந்த இயந்திரம் போதாது என்று அறிக்கை வந்தாலும் "வந்தது" வந்ததுதானே. லண்டன்காரர் நினைத்தது நிச்சயம் இரண்டாவது பொருள். தலைவர் சொன்னது முதலாவது. போனமுறை உங்கள் பிரச்சினை இந்த வகையாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நிபந்தனைகளில்தான் இரு மொழி அறிக்கைகள் அதிகம் பிரிகின்றன. தமிழில் "-ஆல்" என்ற ஒரு ஈறு எல்லா நிபந்தனையையும் தாங்கிவிடும். இங்கிலீசில் எழுதும்போது அது எந்த வகை நிபந்தனை என்று தெரிவுசெய்தே ஆக வேண்டும்.

இதையெல்லாம் வீட்டில் இருந்து யோசித்துத் தீர்க்கச் செயலாளருக்கு உரிமை இல்லை. ஊகித்து எழுதினால் அது செயலாளரின் தீர்மானம். ஆகவே அடுத்த விடயத்துக்குப் போகமுன் தலைவரிடம் அரை நிமிடம் கேட்டு, ஒரே மொழியில், கலக்காமல், முழு வசனமாக வாசித்துக் காட்ட வேண்டும். எந்த மொழி என்றால், அந்த அறையில் கூடுதலானோருக்கு ஐயமில்லாமல் விளங்கும் மொழி. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் அது தமிழ்தான். "தலைவர், இப்படி எழுதட்டோ?" என்று தொடங்கி வாசியுங்கள். கலந்து கதைத்தவர்கள் ஒரே மொழியில் தங்கள் தீர்மானத்தைக் கேட்கும்போதுதான் "இல்லை இல்லை, நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்பார்கள். அந்த மறுப்பு கூட்டத்தில் வந்தால் ஒரு நிமிடத்தில் தீரும்.

வாசித்துக் காட்டியபோது லண்டன்காரர் தன் தொகை உச்ச எல்லை என்றும், அறிக்கை சாதகமாக இருக்க வேண்டும் என்றும் தெளிவுபடுத்தினார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் 2025 யூன் 14 என்றும் வைப்போம். எலும்புக்கூடு இப்படி வரும்: யார் – நிர்வாக சபை. என்ன – இரண்டாம் விலைமனுவை ஏற்றல். எவ்வளவு – 1,340,000, வரி உட்பட. முற்பணம் 30 வீதம், 402,000. மிகுதி 938,000, இயக்கி ஒப்படைத்த பின். லண்டன் – உச்சம் 5,000 பவுண். நிபந்தனை – பரிசோதனை அறிக்கையில் இயந்திரம் போதுமென இருத்தல். எப்போது – அறிக்கை யூன் 28க்குள், பொறுப்பு செயலாளர்.

அதிலிருந்து தமிழ்ப் பாடம்:

"4.1 குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்காகக் கிடைத்த இரு விலைமனுக்களுள், வரி உட்பட ரூபா 1,340,000 எனக் கோரப்பட்ட விலைமனுவை ஏற்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. வரி சேர்த்தபின் மற்றைய விலைமனு ரூபா 1,357,000 ஆகும். இத்தீர்மானம், பாடசாலைக் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கையில் அந்நீரைச் சுத்திகரிக்க இவ்வியந்திரம் போதுமானதெனக் குறிப்பிடப்பட்டிருந்தால் மாத்திரமே செயற்படும். 4.2 செயலாளர் அவ்வறிக்கையை 2025 யூன் 28ஆம் திகதிக்குள் பெற்றுச் சபைக்கு அனுப்புவார். 4.3 முற்பணமாக ரூபா 402,000 (30%) வழங்கப்படும். மிகுதி ரூபா 938,000, இயந்திரத்தை இயக்கி ஒப்படைத்தபின் வழங்கப்படும். 4.4 லண்டன் கிளை, 4.1இன் நிபந்தனை நிறைவேறியபின், 5,000 பவுண்சுக்கு மேற்படாத தொகையை வழங்கும் என அதன் பிரதிநிதி தெரிவித்தார்."

விலைமனு தந்தவர்களின் பெயர்களை உங்கள் அறிக்கையில் 4.1இலேயே சேருங்கள். இங்கிலீஸ் பாடமும் இதே நான்கு இலக்கத்தில், ஒவ்வொன்றிலும் இதே விடயத்தோடு வர வேண்டும். வசன அமைப்பு ஒத்திருக்கத் தேவையில்லை. தமிழில் நிபந்தனை முன்னாலும் வினை கடைசியிலும் வரும், இங்கிலீசில் "றிஸோல்வ்ட்" என்று தொடங்கி நிபந்தனை பின்னால் வரும். அதை இழுத்து ஒன்றாக்கினால் இரண்டு மொழியும் நொண்டும். இலக்கம், பெயர், திகதி, நிபந்தனை, வினையின் வலு, இந்த ஐந்தும் ஒன்றாக இருந்தால் போதும். பவுண்சை ரூபாவாக மாற்றி எழுத வேண்டாம். அன்றைய மாற்று விகிதம் கூட்டத்தின் தீர்மானம் அல்ல.

வினையின் வலுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூட்ட அறிக்கையில் மூன்று படி உண்டு. கேள்விப்பட்டோம் என்பது ஒன்று, எல்லோரும் இணங்கினோம் என்பது ஒன்று, முன்மொழிந்து வழிமொழிந்து தீர்மானித்தோம் என்பது ஒன்று. இங்கிலீசில் "நோட்டட்", "அக்றீட்", "றிஸோல்வ்ட்". தமிழில் "கவனத்திற் கொள்ளப்பட்டது", "இணக்கம் காணப்பட்டது", "தீர்மானிக்கப்பட்டது". இந்தச் சோடிகளை ஒருமுறை நிர்ணயித்து, அறிக்கைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி, பிறகு மாற்றாதீர்கள். நடை அழகுக்காக ஒரு இடத்தில் "முடிவு செய்யப்பட்டது" என்றும் இன்னோரிடத்தில் "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றும் எழுதினால், வேறு வேறு வலுவுள்ள முடிவுகள் என்று மொழிபெயர்ப்பவர் நினைப்பார். பொது எழுத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது அலுப்பு, அறிக்கையில் அது வேண்டிய குணம்.

படி நிர்ணயிப்பதில் நம் பேச்சு வழக்கு செய்யும் குளறுபடியைக் கவனியுங்கள். "குடுக்கலாம்" என்பது "கொடுக்க அனுமதி உண்டு", "கொடுக்கக்கூடிய நிலை இருக்கிறது", "கொடுப்போம், சரி" ஆகிய மூன்றும் ஆகும். தலைவர் "முப்பது வீதம் குடுக்கலாம்" என்றது மூன்றாவது. பொருளாளர் "இந்த மாசம் காசு இருக்கு, குடுக்கலாம்" என்றால் இரண்டாவது, அது வெறும் தகவல். இங்கிலீசில் "மே", "கான்", "வில்" என்று மூன்றும் பிரியும். தமிழ் அறிக்கையில் "-லாம்" என்ற ஈற்றையே தீர்மான வசனத்தில் பாவிக்காமல் விட்டால் பாதிச் சிக்கல் குறையும்: "வழங்கப்படும்", "வழங்கப் பொருளாளருக்கு அனுமதி அளிக்கப்பட்டது", "வழங்க நிதி உண்டெனப் பொருளாளர் தெரிவித்தார்". "பாப்பம்" அதைவிட வழுக்கும். "அதைப் பாப்பம்" என்பது பல நேரம் மரியாதையான மறுப்பு. இங்கிலீசில் "வில் கன்சிடர்" என்று எழுதி லண்டனுக்கு அனுப்பினால் அவர்கள் அடுத்த கூட்டத்தில் பதில் எதிர்பார்ப்பார்கள். ஒத்திவைத்ததா, கைவிட்டதா என்று தலைவரிடம் கேட்டு, ஒத்திவைத்தது என்றால் எந்தக் கூட்டத்துக்கு என்றும் எழுதுங்கள். "றை பண்ணுறன்" என்றவரின் பெயருக்கு நேரே முடிவுத் திகதி போடாதீர்கள். அவர் பொறுப்பேற்கவில்லை.

"செய்ய வேணும்" என்பதில் ஆள் மறைந்திருப்பார். "மூண்டு கொட்டேசன் எடுக்கோணும்" என்றால் யார் எடுப்பது? தமிழ் எழுவாயை விட்டுவிட்டு நிம்மதியாக நடக்கும், இங்கிலீசும் செயப்பாட்டு வினையில் ஒளிந்துகொள்ளும். இரு மொழியும் ஒத்துப்போகும், வேலை மட்டும் நடக்காது. "நாங்கள்" என்று ஒருவர் சொன்னாலும் அது சங்கமா, உபகுழுவா, லண்டன் கிளையா என்று குறிக்க வேண்டும். 4.4இல் "லண்டன் கிளை" என்று விரித்தது அதற்காகத்தான்.

புலம்பெயர்ந்தவர்கள் இருக்கும் கூட்டத்தில் "டேபிள் பண்ணுவம்" என்று வந்தால் உடனே நிறுத்திக் கேளுங்கள். இலங்கையிலும் பிரித்தானியாவிலும் அது சபையில் முன்வைப்பது. அமெரிக்க வழக்கில் இப்போதைக்கு ஒதுக்கிவைப்பது. நேரெதிர்ப் பொருள். இரண்டு மொழியிலும் அந்தச் சொல்லையே தவிர்ப்பது நல்லது.

ஒருவர் சொன்னதைச் சொன்னபடியே பதிய வேண்டிய இடம் ஒன்று உண்டு. தன் எதிர்ப்பை அறிக்கையில் பதியும்படி ஒருவர் கேட்கும்போது. மற்ற இடங்களில் பேச்சின் சாரம் போதும், இங்கே சாரம் போதாது. தமிழ்ப் பாடத்தில் அவர் கலந்து சொன்னதை, இங்கிலீஸ் சொற்களைத் தமிழ் எழுத்தில் வைத்து, மேற்கோளுக்குள் அப்படியே போடுங்கள். இங்கிலீஸ் பாடத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பு என்றும், மூலம் தமிழ்ப் பாடத்தின் இன்ன இலக்கத்தில் உள்ளது என்றும் குறியுங்கள். அவர் பேச்சைச் செந்தமிழாக்கி மேற்கோளுக்குள் போடுவது பிழை. சாரத்தை எழுதும்போதும் "சுட்டிக்காட்டினார்" என்ற வினையில் கவனம் வேண்டும், அது சொன்ன விடயம் உண்மை என்று செயலாளரே ஒப்புக்கொள்வது போலாகும். சர்ச்சையான இடத்தில் "தெரிவித்தார்" போதும்.

"கூட்ட அறிக்கை" என்பதையும் "பொருளாளர் அறிக்கை" என்பதையும் "பரிசோதனை அறிக்கை" என்பதையும் நாங்கள் ஒரே சொல்லால் சொல்லுகிறோம். முதலாவது இங்கிலீசில் "மினிற்ஸ்", மற்றவை "றிப்போட்". "சென்ற அறிக்கை வாசிக்கப்பட்டது" என்று மொட்டையாக எழுதாமல் எந்த அறிக்கை என்று போடுங்கள்.

மாதப் பெயர்களிலும் ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் யூலையை ஆடி என்றும் ஓகஸ்ற்றை ஆவணி என்றும் பேசுவோம். ஆனால் பஞ்சாங்க ஆவணி ஓகஸ்ற் நடுப்பகுதியில் தொடங்கிச் செப்ரெம்பர் நடுவில் முடியும். "ஆவணி முடிய வேலை தொடங்கும்" என்று கோயில் சார்ந்த ஒருவர் சொன்னால் பதினைந்து நாள் வித்தியாசம் வரும். திகதியை இலக்கத்தில் 07/08 என்றும் எழுத வேண்டாம். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

பெயர்களைச் செயலாளர் தானே இங்கிலீசில் எழுதக் கூடாது. ஒரே தமிழ்ப் பெயரை ஒருவர் முடிவில் "எச்" எழுத்துப் போட்டு எழுதுவார், மற்றவர் போடார். முதலெழுத்து "த" என்றால் "ரி" எழுத்தா, "ரி-எச்" சேர்த்தா என்பது அவரவர் விருப்பம். வரவுப் பதிவுத்தாளில் இரண்டு நிரல் வையுங்கள், ஒன்றில் தமிழில், மற்றதில் அடையாள அட்டையில் உள்ளபடி இங்கிலீசில், அவரவரே எழுதட்டும். வங்கியில் கையொப்பமிடுவோரை மாற்றும் தீர்மானத்தின் பிரதியைக் கொடுக்கும்போது ஒரு எழுத்துப் பிசகினாலும் திருப்பி அனுப்பக்கூடும்.

இனி தட்டச்சு. பழைய பாமினி எழுத்துருவில் இன்னும் பலர் அடிக்கிறார்கள். இரு மொழி அறிக்கைக்கு அது உகந்ததே அல்ல. பாமினியில் தமிழ் எழுத்து உண்மையில் இங்கிலீஸ் எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது, எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. "அம்மா" என்பது உள்ளே இப்படித்தான் இருக்கும்:

```
mk;kh
```

அதனால் இடையில் வரும் இங்கிலீஸ் சொல்லுக்கு எழுத்துருவை மாற்ற மறந்தால் அது தமிழ்க் குப்பையாகத் தெரியும். மின்னஞ்சலில் ஒட்டும்போது எழுத்துரு கழன்றால் தமிழ் முழுவதும் இங்கிலீஸ் குப்பையாகும். எல்லாவற்றிலும் மோசமானது இலக்கம். பாமினியில் காற்புள்ளிச் சாவியில் "இ" இருப்பதால் 1,340,000 என்று அடித்தது "1இ340இ000" என்று அச்சாகும். இப்படி அச்சான கடிதங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யூனிகோட்டில் அடியுங்கள். Windows கணினியில் Nirmala UI எழுத்துரு போதும், இங்கிலீசும் தமிழும் அதிலேயே ஒழுங்காக வரும். பழைய அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டும் பகுதியை முதலில் யூனிகோட்டுக்கு மாற்றி, இலக்கங்களையும் இங்கிலீஸ் சொற்களையும் கண்ணால் பாருங்கள், மாற்றும் மென்பொருள் அவற்றையும் தமிழாக்கிவிடும்.

பக்க அமைப்பில் இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஸ் என்று இரண்டு நிரல் போட எல்லோருக்கும் ஆசை. தமிழ் கூடுதல் இடம் பிடிக்கும், நிரல் குறுகினால் நீண்ட சொற்கள் அசிங்கமாக உடையும், மூன்றாம் பக்கத்தில் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடக்கும். ஒவ்வொரு இலக்கத்தின் கீழும் முதலில் தமிழ், அடுத்து இங்கிலீஸ் என்று அடுக்குங்கள். யாராவது ஒரு பக்கத்தைத் திருத்தினால் மற்றது உடனே கண்ணில் படும். தனித்தனிக் கோப்பாக வைத்தால் ஒன்று திருத்தப்பட்டு மற்றது பழையபடி கிடக்கும்.

எழுதி முடித்ததும் இரண்டு பேர் இருந்து சரிபாருங்கள். ஒருவர் இங்கிலீஸ் பாடத்தை இலக்கம் இலக்கமாக வாசிக்க, மற்றவர் தமிழ்ப் பாடத்தில் முன்சொன்ன ஐந்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரக் கூட்டத்தின் அறிக்கைக்கு இது அரை மணி நேர வேலை. எழுதியவரே சரிபார்த்தால் தான் நினைத்ததைத்தான் வாசிப்பார். கூட்டம் நடந்து இரண்டு மூன்று நாளுக்குள் வரைவை எல்லோருக்கும் அனுப்புங்கள், பிந்தினால் ஆட்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் கூட்டத்தை நினைவுபடுத்துவார்கள்.

முரண்பாடு வந்தால் எந்தப் பாடம் செல்லும் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். சங்க யாப்பில் இருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் நிர்வாக சபையில் ஒரு தீர்மானமாக எடுத்து, ஒவ்வொரு அறிக்கையின் தலைப்பிலும் ஒரு வரி போடுங்கள். வாசித்துக் காட்டிய மொழியே செல்லுபடியாகும் பாடமாக இருப்பதுதான் நியாயம், சபை காதால் கேட்டு ஒப்புக்கொண்டது அதைத்தான். அடுத்த கூட்டத்தில் அறிக்கையை அங்கீகரிக்கும்போது தமிழ்ப் பாடத்தை மட்டும் வாசித்துவிட்டு, இங்கிலீசும் அதேதான் என்று சொல்லி முன்மொழிய விடாதீர்கள். தீர்மான இலக்கங்களையாவது இரு மொழியிலும் வாசியுங்கள். திருத்தம் வந்தால், "4.4இல் 'மட்டும்' என்பதற்குப் பதிலாக 'மேற்படாத'" என்று தமிழில் எழுதும் அதே இடத்தில் இங்கிலீஸ் திருத்தத்தையும் எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

அச்சடித்த தாளை அறிக்கைப் புத்தகத்தில் ஒட்டுபவர்கள், கையெழுத்தின் பாதி தாளிலும் பாதி புத்தகப் பக்கத்திலும் விழும்படி ஓரத்தில் ஒப்பமிடுங்கள். தாளை மாற்றி ஒட்டினால் தெரிந்துவிடும். கலந்த மொழியில் எடுத்த மூலக் குறிப்பைக் குறைந்தது அறிக்கை அங்கீகரிக்கப்படும் வரை எறியாதீர்கள்.